வலிக்காத காலை ஏன் தினமும் பார்க்க வேண்டும்? சர்க்கரை நோயுள்ள முதியவர்களுக்கான பாதப் பராமரிப்பு

"கால்ல ஒண்ணும் இல்லை டாக்டர், வலியே கிடையாது." பாதப் பரிசோதனைக்கு வரும் மூத்த நோயாளிகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் பதில் இது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் நீண்ட நாள் சர்க்கரை நோய் உள்ளவருக்கு வலி இல்லை என்பதை மட்டும் வைத்துக் கால் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது. அந்த வலியைச் சொல்ல வேண்டிய நரம்பே பழுதாகியிருக்கலாம்.

இதைப் படித்துப் பயப்பட வேண்டாம். காலில் புண் பெரும்பாலும் ஒரே இரவில் வருவதில்லை. அதற்கு முன் சில நாட்களுக்காவது, பல நேரங்களில் வாரக்கணக்கிலும், தோலில் அடையாளங்கள் தெரியும். அவற்றைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொட்டு அறியலாம். அந்த அடையாளங்கள் எவை, எப்படிப் பார்ப்பது, பார்த்தால் என்ன செய்வது என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

நரம்பு பழுதானால் காலில் நடக்கும் மூன்று மாற்றங்கள்

உடலிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகின்றன. இரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் கூடுதலாக இருந்தால், முதலில் பாதிக்கப்படுவது இந்த நீண்ட நரம்புகளின் நுனிப்பகுதிதான். அதனால் மரத்துப்போதல் கால்விரல் நுனியில் தொடங்கி, மெல்ல மேலே ஏறுகிறது. பொதுவாக இரண்டு கால்களிலும் ஒரே மாதிரி நடக்கும். மிக மெதுவாக நடப்பதால் பலருக்கு இது தெரிவதே இல்லை.

நரம்புகளின் வேலை உணர்ச்சியைக் கொண்டுபோவது மட்டும் அல்ல. எனவே விளைவுகளும் மூன்று வகை.

1. உணர்வு நரம்பு பழுதானால் வலி, சூடு, அழுத்தம் ஆகியவை தெரியாமல் போகும்.
2. தசைகளை இயக்கும் நரம்பு பழுதானால் பாதத்தின் சிறு தசைகள் மெலியும். விரல்கள் மேல்நோக்கி மடங்கி நகம் போல வளையும். அப்போது விரல்களுக்குப் பின்னால் உள்ள எலும்பு முனைகள் கீழே துருத்தி, உடலின் எடையை அளவுக்கு மேல் தாங்கும்.
3. வியர்வையைக் கட்டுப்படுத்தும் நரம்பு பழுதானால் பாதம் வியர்க்காது. தோல் வறண்டு குதிகாலில் வெடிப்பு விழும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். "எனக்கு ராத்திரியெல்லாம் கால் எரியுது, அப்புறம் எப்படி உணர்ச்சி இல்லைன்னு சொல்றீங்க?" என்று சிலர் கேட்பார்கள். இரண்டும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கலாம். எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் பழுதான நரம்பு தானாக எழுப்பும் பொய்ச் செய்தி. வெளியிலிருந்து ஒரு முள் குத்தினால் அதைத் தெரிவிக்கும் திறன் அதே நரம்புக்கு இல்லாமல் இருக்கலாம். எரிச்சல் குறைந்தது என்பதற்காக நரம்பு சரியாகிவிட்டது என்றும் பொருள் அல்ல.

வலி இல்லாமையே காயத்துக்குக் காரணம் என்ற புரிதல் சர்க்கரை நோய் மருத்துவத்துக்கு வெளியிலிருந்து வந்தது. வேலூரில் தொழுநோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், அவர்களுடைய விரல்கள் சிதைவதற்கு நோய் மட்டும் காரணம் அல்ல, உணர்ச்சி இல்லாத கை கால்களில் திரும்பத் திரும்ப விழும் காயங்களே பெருமளவு காரணம் என்று கண்டார். பின்னாளில் அதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் பொருந்தியது. இன்று நாங்கள் சொல்லும் காலணி அறிவுரைகளில் பல அந்த வழியில் வந்தவை.

புண் எங்கே தொடங்குகிறது: காய்ப்பு

முதியவர்களின் பாதத்தில் நாங்கள் முதலில் தேடுவது காய்ப்பைத்தான். ஓர் இடத்தில் அழுத்தமும் உராய்வும் தொடர்ந்தால் தோல் தன்னைக் காத்துக்கொள்ளத் தடித்துப்போகும். உணர்ச்சி உள்ளவருக்கு அந்த இடம் வலிக்கும். அவர் தன்னை அறியாமலே நடையை மாற்றுவார், அல்லது செருப்பை மாற்றுவார். உணர்ச்சி இல்லாதவர் அதே இடத்தில் அதே எடையை வைத்து நாள் முழுக்க நடப்பார்.

காய்ப்பு தடிக்கத் தடிக்க, செருப்புக்குள் ஒரு கல் நிரந்தரமாகக் கிடப்பது போன்ற நிலைமை உண்டாகிறது. வெளியே கெட்டித் தோல், உள்ளே எலும்பு முனை. இரண்டுக்கும் நடுவே மென்மையான திசு நசுங்குகிறது. முதலில் அங்கே சிறிது இரத்தம் கசியும். வெளியிலிருந்து பார்த்தால் மஞ்சள் நிறக் காய்ப்புக்குள் பழுப்பாகவோ கருப்பாகவோ ஒரு புள்ளி மட்டும் தெரியும். நடை தொடர்ந்தால் அந்த இடத்தில் திசு செத்து, காய்ப்பின் மூடிக்கு அடியிலேயே ஒரு குழி உருவாகும். காய்ப்பு உடைந்து நீர் வடியும்போதுதான் பலர் "நேத்துதான் புண் வந்தது" என்கிறார்கள். உண்மையில் அந்தப் புண் உள்ளே உருவாகிச் சில வாரங்கள் ஆகியிருக்கலாம்.

பெருவிரலுக்குப் பின்னால் உள்ள பந்து போன்ற பகுதி, சுண்டுவிரலுக்குப் பின்னால் உள்ள அதே பகுதி, பெருவிரலின் அடிப்பக்கம், மடங்கிய விரல்களின் நுனியும் மேல்மூட்டும், குதிகாலின் ஓரம் ஆகியவையே இதற்கு வாய்ப்பான இடங்கள். தினமும் பார்க்கும்போது கண் முதலில் போக வேண்டியதும் இவற்றுக்குத்தான்.

உணர்ச்சி இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்ப்பது

கிளினிக்கில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை வைத்துப் பாதத்தின் சில இடங்களைத் தொட்டுப் பார்ப்போம். தட்டினால் அதிரும் உலோகக் கவையை வைத்து, அதிர்வு தெரிகிறதா என்றும் சோதிப்போம். இதை ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொள்ள வேண்டும். இடையில் வீட்டில் இருப்பவர் ஒருவர் விரல் நுனியாலேயே ஓரளவு சோதிக்கலாம்.

1. நோயாளி காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டுப் படுத்து, கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தொடுவது தெரிந்தால் "வலது" அல்லது "இடது" என்று சொல்ல வேண்டும்.
2. சோதிப்பவர் ஆள்காட்டி விரல் நுனியால் மிக மெதுவாக, ஒன்றிரண்டு நொடி மட்டும் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ தடவவோ கூடாது.
3. வலது பெருவிரல், வலது சுண்டுவிரல், இடது பெருவிரல், இடது சுண்டுவிரல், வலது நடுவிரல், இடது நடுவிரல் என்ற வரிசையில் ஆறு இடங்களைத் தொட வேண்டும்.
4. பதில் வராவிட்டால் அந்த இடத்தை மறுபடி தொட்டுப் பார்க்கக் கூடாது. ஓர் இடத்துக்கு ஒரே வாய்ப்புதான்.

ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். அவசரமாக ஓடி வர வேண்டிய நிலை இல்லை. அடுத்த சில நாட்களுக்குள் முறையான பாதப் பரிசோதனைக்கு நேரம் வாங்கினால் போதும். ஆனால் கீழே சொல்லும் தினசரிப் பார்வையை அன்றே தொடங்கிவிட வேண்டும்.

தினமும் சில நிமிடங்கள்

நேரம் முக்கியம் அல்ல, ஒரே நேரமாக இருப்பது முக்கியம். நடந்து முடித்த மாலை வேளை நல்லது. அன்றைய உராய்வின் தடம் அப்போதுதான் தெரியும். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் உட்கார வேண்டும்.

1. உள்ளங்கால். மேலே சொன்ன அழுத்தப் புள்ளிகளில் சிவப்பு, கொப்புளம், காய்ப்பு, காய்ப்புக்குள் கருமை இருக்கிறதா?
2. விரல் இடுக்குகள். ஒவ்வொரு விரலையும் விலக்கிப் பார்க்க வேண்டும். தோல் வெள்ளையாக ஊறியிருந்தால் அது சேற்றுப்புண்ணின் தொடக்கம். குறிப்பாக நான்காவது விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில்.
3. நகங்களும் அவற்றின் ஓரமும். சிவந்து வீங்கியிருந்தால் நகம் சதைக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும்.
4. குதிகால். வெடிப்பின் அடியில் சிவந்த சதை தெரிகிறதா?
5. கடைசியாகக் கை. புறங்கையை இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். ஒரு பாதத்தில் ஓர் இடம் மட்டும் கூடுதலாகச் சுடுகிறதா?

ஐந்தாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தோல் உடைவதற்கு முன்பே உள்ளே ஏற்படும் அழற்சி அந்த இடத்தைச் சூடாக்கும். தோலின் வெப்பத்தை அளக்கும் கருவி வைத்திருப்பவர்கள், இரண்டு பாதங்களின் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு அடுத்தடுத்து இரண்டு நாள் காட்டினால், நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். கருவி இல்லையென்றால் புறங்கை போதும், ஆனால் நோயாளியின் கையிலும் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும் என்பதால் இதை வேறு ஒருவர் செய்வது நல்லது.

குனிய முடியாதவர்களும் பார்வை மங்கியவர்களும் இதை எப்படிச் செய்வது? தரையில் ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து அதன் மேலாகப் பாதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம். அதைவிட எளிது, வீட்டில் ஒருவர் செல்போனில் உள்ளங்காலைப் படம் எடுத்துப் பெரிதாக்கிக் காட்டுவது. வாரம் ஒரு படத்தைச் சேமித்து வைத்தால், இந்தப் புள்ளி முன்பே இருந்ததா புதிதா என்ற கேள்விக்கு எங்களுக்கும் விடை கிடைக்கும். சர்க்கரை நோயால் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே பார்த்தால் போதும் என்று இருக்க வேண்டாம். உதவி கேட்பதில் சங்கடம் எதுவும் இல்லை. வெளிர் நிறக் காலுறை அணிந்தால் கசியும் இரத்தமோ நீரோ கறையாகத் தெரிந்துவிடும், கண் பார்க்கத் தவறினாலும்.

ஓர் எடுத்துக்காட்டு: காய்ப்புக்குள் ஒரு கரும்புள்ளி

72 வயதுப் பெண் ஒருவர், இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளவர் என்று வைத்துக்கொள்வோம். மாலையில் மகள் அவருடைய உள்ளங்காலைப் பார்க்கிறார். வலது பெருவிரலுக்குப் பின்னால் ஒரு காய்ப்பு. பல மாதங்களாக இருப்பதுதான். இன்று அதன் நடுவில் கருஞ்சிவப்பாக 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு புள்ளி. வலி இல்லை. நீர் கசியவில்லை. புறங்கையை வைத்தால் இடது காலைவிட அந்த இடம் சற்றுச் சூடு.

அன்று இரவு செய்ய வேண்டியது மிகக் குறைவு. காய்ப்பைச் சுரண்டக் கூடாது, வெந்நீரில் ஊறவைக்கக் கூடாது, அதன் மேல் எதையும் ஒட்டக் கூடாது. படம் எடுத்துக்கொண்டு, மறுநாள் கிளினிக்குக்கு வருவதாகச் சொல்லிவிட்டு, அதுவரை நடையைக் கழிப்பறைக்குப் போய்வரும் அளவோடு நிறுத்த வேண்டும். நின்றுகொண்டே செய்யும் வேலைகளும் நடைதான்.

மறுநாள் கிளினிக்கில் என்ன நடக்கும் என்பது தெரியாததால்தான் பலர் வரத் தயங்குகிறார்கள். அதனால் அதை விளக்கமாகச் சொல்கிறோம். பயிற்சி பெற்றவர் சிறிய கத்தியால் காய்ப்பை மெல்லிய அடுக்குகளாகச் சீவி எடுப்பார். அது செத்த தோல் என்பதால் வலிக்காது. எடுத்தவுடனேயே அந்த இடத்தின் அழுத்தம் குறைகிறது; இதுவே ஒரு சிகிச்சை. அடியில் காய்ந்த இரத்தம் மட்டும் இருந்து, அதன் கீழே தோல் முழுதாக இருந்தால், புண் வருவதற்கு முன்பே பிடித்துவிட்டோம் என்று பொருள். குழி இருந்தால் அதன் அகலத்தையும் ஆழத்தையும் முனை மழுங்கிய கம்பியால் அளப்போம். கம்பி எலும்பில் தட்டுகிறதா என்பது மிக முக்கியம். தட்டினால் எலும்பிலும் தொற்று இருக்கக்கூடும், அதற்கான பரிசோதனைகள் தனி.

அடுத்து, பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உள்பக்கத்திலும் நாடி பார்ப்போம். இரத்த ஓட்டம் குறைவாக இருந்தால் எந்தப் புண்ணும் ஆறாது. அதைச் சரிசெய்யாமல் கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதில் பயன் இல்லை.

நம் எடுத்துக்காட்டில் உள்ள பெண்மணிக்குக் குழி இல்லை, காய்ந்த இரத்தம் மட்டும்தான், நாடியும் நன்றாக இருக்கிறது. ஆனால் வேலை முடியவில்லை. காய்ப்பு ஏன் வந்தது? அவருடைய செருப்பைப் புரட்டிப் பார்த்தால், அந்த இடத்தில் மட்டும் அடிப்பாகம் பள்ளமாகத் தேய்ந்திருக்கிறது. பெருவிரல் மூட்டும் இறுகிப்போய், நடக்கும்போது மேல்நோக்கி வளையவில்லை. எடை முழுவதும் ஒரே புள்ளியில் இறங்குகிறது. அந்த இடத்தின் பளுவைப் பரப்பிவிடும் உள்தளத்தோடு புதிய காலணியும், குறித்த இடைவெளியில் காய்ப்பைச் சீவுவதும்தான் இவருக்கான சிகிச்சை. மருந்துச் சீட்டில் எழுத எதுவுமே இருக்காது. காரணத்தை அப்படியே விட்டுவிட்டுக் காய்ப்பை மட்டும் எடுத்தால், சில வாரங்களில் அதே இடத்தில் திரும்ப வரும்.

குழி இருந்திருந்தால்? அந்த இடத்தில் எடையே விழாமல் பார்த்துக்கொள்வதுதான் சிகிச்சையின் மையம். முழங்கால்வரை போடும் கழற்ற முடியாத கட்டு இதற்கு நன்றாக உதவுகிறது. வலி இல்லாதவர், கழற்ற முடிந்தால் கழற்றிவிட்டு நான்கு அடி நடந்துவிடுவார். அது அவருடைய தவறு அல்ல, எச்சரிக்க வலி இல்லை என்பதே காரணம். முன்பு ஒரு முறை புண் வந்து ஆறியவர்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேருக்கு ஓர் ஆண்டுக்குள் மீண்டும் வருகிறது. அதனால் அவர்களை 1 முதல் 3 மாதங்களுக்கு ஒரு முறை வரச் சொல்கிறோம்.

நல்ல எண்ணத்தில் செய்து, கெடுத்துக்கொள்ளும் சில காரியங்கள்

வெந்நீர்தான் முதலில். கால் வலிக்கும், இதமாக இருக்கும் என்று ஊறவைப்பார்கள். சூடு தெரியாத காலில் கொப்புளம் எழுந்த பிறகுதான் நீர் அளவுக்கு மீறிச் சூடாக இருந்தது புரியும். கழுவும் நீர் 37 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. முழங்கையை விட்டோ, வேறு ஒருவரைத் தொடச் சொல்லியோ சரிபார்க்க வேண்டும், காலை விட்டுப் பார்க்கக் கூடாது. வெந்நீர்ப் பையும் காலுக்கு வேண்டாம். நீண்ட நேரம் ஊறவைப்பதும் வேண்டாம். தோல் மேலும் வறளும். கழுவி, விரல் இடுக்கு உட்பட ஈரம் போகத் துடைத்து, பாதத்தின் மேலும் கீழும் ஈரப்பதம் தரும் களிம்பைப் பூசலாம். விரல் இடுக்கில் மட்டும் பூசக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும்.

கால் ஆணிக்கென்று விற்கும் ஒட்டுகளிலும் திரவங்களிலும் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது. அது காய்ப்புக்கும் நல்ல தோலுக்கும் வேறுபாடு பார்க்காது. உணர்ச்சி உள்ளவருக்கு எரியும்போது தெரியும், எடுத்துவிடுவார். மற்றவருக்கு அது இரசாயனப் புண்ணாக முடியும்.

காலணியில் ஒரு விநோதம் உண்டு. உணர்ச்சி குறைந்தவருக்குச் சரியான அளவு தொளதொளப்பாகத் தோன்றும். பிடிப்பாக இருக்கிறது என்று அவர் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் ஓர் அளவு சிறியது. எனவே உணர்வை நம்பாமல் அளந்து வாங்க வேண்டும். மாலையில், நின்ற நிலையில் அளக்க வேண்டும். உள்நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாக இருக்க வேண்டும். அகலம், பாதத்தின் மிக அகலமான இடத்துக்கு ஈடாக இருக்க வேண்டும். போடும் ஒவ்வொரு முறையும் கையை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. காலுறை மட்டும் போட்டு நடப்பதும் வெறுங்கால் நடைதான்.

நகத்தை நேராக வெட்டினால் போதும், ஓரத்தைத் தோண்ட வேண்டாம். கண் தெரியாதவர், கை நடுங்குபவர் தாங்களே வெட்ட வேண்டாம்.

எது கண்டால் எவ்வளவு அவசரம்

எல்லா மாற்றத்துக்கும் ஒரே அவசரம் இல்லை. வறட்சி, ஆழமில்லாத வெடிப்பு, புதிதாகத் தடிக்கும் காய்ப்பு ஆகியவற்றுக்கு ஓரிரு வாரத்துக்குள் வந்தால் போதும்.

காய்ப்புக்குள் கருமை, கொப்புளம், எவ்வளவு சிறியதானாலும் தோல் உடைந்த இடம், இடுக்கில் வெள்ளையாக ஊறிய தோல், ஓர் இடத்தில் மட்டும் சூடு ஆகியவற்றை 24 மணி நேரத்துக்குள் காட்டிவிட வேண்டும். அதுவரை சுத்தமான நீரில் கழுவி, உலர்ந்த சுத்தமான துணிக்கட்டு போட்டு, அந்தக் காலில் நடக்காமல் இருந்தால் போதும். கொப்புளத்தை உடைக்க வேண்டாம்.

உடனே, இரவானாலும், மருத்துவமனைக்குப் போக வேண்டியவை இவை.

1. புண்ணைச் சுற்றிய சிவப்பு பரவுவது, பாதம் வீங்குவது, நாற்றம், சீழ். இதோடு காய்ச்சலோ குளிர் நடுக்கமோ இருக்கலாம்; முதியவர்களுக்குக் காய்ச்சல் வராமலும் இருக்கலாம். காரணம் தெரியாமல் சர்க்கரை அளவு திடீரென ஏறுவதும் தொற்றின் அடையாளம்.
2. விரலோ பாதத்தின் ஒரு பகுதியோ கறுத்துப்போவது, அல்லது கால் திடீரென வெளுத்துக் குளிர்ந்துபோவது.
3. புண் எதுவும் இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்குவது.

மூன்றாவதைக் கூடுதலாக விளக்க வேண்டியிருக்கிறது, ஏனெனில் இதைச் சுளுக்கு என்றோ மூட்டு வாதம் என்றோ நினைத்துத் தைலம் தேய்த்து நடந்துகொண்டே இருப்பவர்கள் உண்டு. உணர்ச்சி இழந்த பாதத்தில் எலும்புகளும் மூட்டுகளும் அழற்சியால் பலவீனமாகி, நடக்க நடக்க நொறுங்கும் நிலை இது. சார்க்கோ பாதம் என்று இதற்குப் பெயர். வலி குறைவாகவே இருக்கும். தொடக்கத்தில் எக்ஸ்ரே படம் இயல்பாகவும் தெரியலாம், அதனால் படம் நன்றாக இருக்கிறது என்று ஆறுதல் கொள்ள முடியாது. சந்தேகம் வந்த நிமிடம் முதல் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது. சக்கர நாற்காலியிலோ பிறர் தாங்கலிலோ வர வேண்டும். சரியான நேரத்தில் கட்டுப் போட்டு எடையை எடுத்துவிட்டால் பாதத்தின் வடிவம் பெரும்பாலும் காக்கப்படும்.

வரும்போது தினமும் அணியும் காலணியையும், எடுத்து வைத்த படங்களையும், சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலையும் கொண்டு வாருங்கள். புதுச் செருப்பு வேண்டாம், தேய்ந்த பழையதையே கொண்டு வாருங்கள். எடை எங்கே அழுத்துகிறது என்பது அதன் அடிப்பாகத்தில்தான் தெரியும்.